நூற்றிரண்டா, நூற்றிருபதா: சைகோன் துணிக்கடைகளில் பேசிய பெண்கள்

இரண்டு மொழிகளுக்கு நடுவில் நின்று வாணிபம் செய்தவனுக்குப் புதுச்சேரியில் ஒரு பெயர் உண்டு. துபாஷி. கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரில் தெரு இருக்கிறது, வீடு இருக்கிறது, 1736 முதல் 1761 வரை அவர் எழுதிவந்த நாட்குறிப்பு இருக்கிறது. தமிழ் உரைநடை வரலாற்றை வகுப்பில் நடத்தும்போது அந்த நாட்குறிப்பைத் தாண்டிப் போக முடியாது. மொழி தெரிந்தவன் பணம் சேர்த்தான், பல்லக்கில் போனான், வரலாற்றிலும் இடம் பிடித்தான்.

அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, இதே புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேறியவர்கள் சைகோனில் கடை வைத்தார்கள். பிள்ளைக்குத் தேவைப்பட்டதைவிடக் கூடுதலான மொழிகள் அங்கே தேவைப்பட்டன. வியட்நாமிய மொழி, பிரெஞ்சு, சோலோன் பக்கத்துச் சீனர்களின் கந்தோனியம், வீட்டுக்கும் கணக்குக்கும் தமிழ், கடைசிப் பத்தாண்டுகளில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு ஆங்கிலம். அந்தக் கடைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலாளிகளின் பெயரைச் சொல்வார்கள், எந்தத் தெரு என்று சொல்வார்கள், ஊருக்கு வந்து கட்டிய மாடிவீட்டைக் காட்டுவார்கள். கடையில் நின்று இத்தனை மொழிகளில் விலை சொன்னது யார், அந்த மொழியை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். துபாஷி என்பது ஆண்பால் சொல்லாகவே வழங்கிவிட்டது. அந்த வேலையைச் செய்த பெண்ணுக்கு நம்மிடம் பெயரில்லை.

இந்தக் கட்டுரை அந்த வேலையைப் பற்றியது. பல மொழி பேசும் அயல் நகரத்தில் ஒரு மீட்டர் துணியைச் சண்டையில்லாமல் விற்க ஒரு பெண் என்னென்ன தெரிந்துவைத்திருக்க வேண்டியிருந்தது என்பதைப் பற்றியது.

முதலில் சுருக்கமாக வரலாறு. பிரெஞ்சுப் படை 1859இல் சைகோனைப் பிடித்தது. 1862இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, தென்பகுதி கொச்சின்சீனா என்ற காலனியாக உருவெடுத்தது. புதிய காலனிக்கு எழுத்தர், காவலர், வரி வசூலிப்பவர் எல்லோரும் வேண்டியிருந்தது. பிரெஞ்சு ஆட்சிக்கு ஏற்கனவே பழகிய புதுச்சேரி, காரைக்கால் ஆட்கள் போனார்கள். பால் விற்றவர்கள், வண்டி ஓட்டியவர்கள், சந்தையில் கடை வரி வசூலித்தவர்கள் எனப் பலரும் பின்தொடர்ந்தார்கள். சைகோனில் வாடகைக் குதிரை வண்டிக்கே ‘மலபார்’ என்று பெயர் வந்துவிட்டது. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் சாதி, சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுப் பிரெஞ்சுக் குடும்பப்பெயர் எடுத்துக்கொண்டவர்கள் அரசு வேலைகளில் அமர்ந்தார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்தினார்கள். துணி வியாபாரம் பெரும்பாலும் காரைக்கால், கூத்தாநல்லூர்ப் பக்கத்து முஸ்லிம்கள் கையில் இருந்தது. கத்தினா தெருவிலும் 1914இல் திறந்த பென் தான் சந்தையைச் சுற்றியும் அவர்களுடைய கடைகள் இருந்தன. தோங் தூ தெருவில் இன்றும் இருக்கும் பள்ளிவாசலை 1935இல் கட்டியவர்கள் அவர்கள்தான்.

பெரும்பாலும் தனி ஆண்களாகப் போனார்கள். ஊரில் மனைவி இருந்தவர்களும் உண்டு. அங்கே பலர் வியட்நாமியப் பெண்களோடு குடும்பம் அமைத்தார்கள். இதை நம் ஊரில் ‘சைகோன் குடும்பம்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோம், பாதி கிசுகிசுப்பாக. ஆனால் துணிக்கடையின் பக்கம் நின்று பார்த்தால் அந்தத் திருமணத்துக்கு இன்னொரு முகம் தெரியும். வியட்நாமில் சந்தை பெண்களுடையது. விற்பவர்களும் வாங்குபவர்களும் பெண்கள். பெண்களுக்குத் துணி விற்க வந்த ஆண், பெண்கள் பேசும் மொழியைப் பெண்ணிடம்தான் கற்றாக வேண்டும். காலனி அரசாங்கம் எழுத்தர்களுக்கு மொழித் தேர்வு வைக்கலாம். வியாபாரிக்குப் பள்ளிக்கூடம் அவன் வீட்டு அடுப்படிதான். அந்தக் கற்பித்தல் எந்தப் பேரேட்டிலும் சம்பளமாக எழுதப்படவில்லை.

தட்டாஞ்சாவடியில் எங்கள் தெருவில் அப்படிப்பட்ட வீடு ஒன்றில் பிறந்த அம்மா ஒருவர் இருக்கிறார். தகப்பனார் காரைக்கால்காரர், தாய் சைகோன்காரர். அறுபதுகளில் இந்த அம்மா தகப்பனார் துணிக்கடையில் நின்று விற்றவர். பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. பல மாலைகளில் அவரோடு பேசியதில் எனக்குப் பிடிபட்டவை மூன்று: எண், முறைப்பெயர், மொழி மாறும் இடம். அவர் இப்படி வகுத்துச் சொல்லவில்லை. வகுத்தது நான். அனுபவம் அவருடையது.

எண்ணிலிருந்து தொடங்குகிறேன். வெளிநாட்டில் விற்கப் போகிறவர்கள் முதலில் எண்களைத்தான் மனப்பாடம் செய்வார்கள். ஒன்று முதல் பத்து வரை தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். எண்ணின் பெயர் தெரிந்தால் போதாது. எண்களைச் சேர்த்துச் சொல்லும் வழக்கு மொழிக்கு மொழி மாறும்.

வியட்நாமிய மொழியில் நூறு ‘ட்ராம்’, இரண்டு ‘ஹாய்’. வாங்க வந்தவர் ‘ட்ராம் ஹாய்’ என்கிறார். தமிழ்க் காது அதை நூற்றிரண்டு என்று கேட்கும். பிரெஞ்சுக் காதும் அப்படித்தான் கேட்கும், நூறும் இரண்டும் சேர்ந்தால் பிரெஞ்சிலும் நூற்றிரண்டுதான். ஆனால் சைகோன் சந்தையில் ‘ட்ராம் ஹாய்’ என்றால் நூற்றிருபது. நூறு என்ற பெரிய அலகைச் சொன்ன பிறகு வரும் எண், அதற்கு அடுத்த கீழ் அலகான பத்தைக் குறிக்கும். பத்து என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டார்கள். நூற்றிரண்டு என்று சொல்ல வேண்டுமானால் நடுவில் ‘லெ’ என்று ஒரு சொல் சேர்க்க வேண்டும்: ‘ட்ராம் லெ ஹாய்’. உதிரி என்பது போல அதற்குப் பொருள். அரை என்பதற்கும் இதே விதி. ‘ட்ராம் ரூய்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘நூறு அரை’. அது நூற்றரை அல்ல, நூற்றைம்பது. நூறின் பாதி சேர்ந்தது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மீட்டர் நூற்றிருபது டோங்குக்கு நான்கு மீட்டர் பட்டு. வாங்கும் பெண் பேரம் பேசி ‘ட்ராம் ஹாய்’க்கு வந்து நிற்கிறார். புதிதாக ஊரிலிருந்து வந்த பையன் ‘நூற்றிரண்டு’ என்று கேட்டுச் சரி என்கிறான். வாங்குபவர் மனத்தில் மொத்தம் 480. பையன் துண்டுச்சீட்டில் எழுதுவது 408. இரண்டு பேருமே நேர்மையாக நடக்கிறார்கள். சீட்டைக் காட்டாமல் போனால் வாங்குபவர் 480 கொடுப்பார், பையன் 72 திருப்பித் தருவான், அவர் குழம்புவார் அல்லது பேசாமல் வாங்கிக்கொள்வார். மாறாக, விற்பவர் ‘ட்ராம் லெ ஹாய்’ என்று சொல்ல நினைத்து ‘லெ’யை விழுங்கிவிட்டால், நூற்றிரண்டு டோங் சரக்குக்கு நூற்றிருபது கேட்டதாகிவிடும். பிறகு சீட்டில் 408 என்று வந்தால் வாங்குபவர் மகிழ மாட்டார். ‘முதலில் கூட்டிச் சொல்லிவிட்டு இப்போது குறைக்கிறானே, இந்தத் துணியில் என்ன கோளாறு?’ என்றுதான் நினைப்பார். விலை குறைந்தாலும் நம்பிக்கை குறையும் என்பதைக் கடையில் நின்றவர்கள் அறிவார்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 480, 408 இரண்டுக்கும் வித்தியாசம் 72. கணக்கெழுதுகிறவர்களுக்கு ஒரு பழைய சோதனை உண்டு: ராத்திரி கல்லாவில் விழும் வித்தியாசம் ஒன்பதால் மீதமின்றி வகுபட்டால், எங்கோ இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருக்கலாம் என்று தேடுவார்கள். 72 ஒன்பதால் வகுபடும். எனவே தகப்பனார் பேரேட்டில் எழுத்துப்பிழையைத் தேடிக்கொண்டிருப்பார். பிழை கையில் நிகழவில்லை, காதில் நிகழ்ந்தது. ‘எங்கம்மாதான் பையனக் கூப்புட்டு, அந்தப் பொண்ணு என்ன சொன்னா, அப்படியே சொல்லுன்னு கேப்பாங்க. அவன் ட்ராம் ஹாய்னு சொன்னதும் சிரிச்சிடுவாங்க. அவ்ளோதான், கணக்கு சரியாய்டும்’ என்றார் அந்த அம்மா. பேரேட்டில் இல்லாத கணக்காளர் அந்தத் தாய்.

இதற்குக் கடையில் வைத்திருந்த தீர்வு எளியது. விலை முடிந்ததும் வாயால் ஒருமுறை முழு எண்ணாக, பத்து என்ற சொல்லை விடாமல் திருப்பிச் சொல்வது. பிறகு தாளில் இலக்கமாக எழுதி வாங்குபவர் பக்கம் திருப்பி வைப்பது. கத்தரிக்கோல் துணியைத் தொடுவது அதற்குப் பிறகுதான். துணி வெட்டப்பட்டால் திருப்ப முடியாது. ஆகவே எல்லாச் சந்தேகமும் வெட்டுக்கு முன்னால் தீர வேண்டும்.

இலக்கம் மட்டும் எல்லோருக்கும் பொது என்று சொல்லிவிடவும் முடியாது. பிரெஞ்சு முறையில் 1,50 என்றால் ஒன்றரை, காற்புள்ளி அங்கே தசமத்தைக் குறிக்கும். ஆங்கிலேய ஆட்சிப் பகுதியான தஞ்சாவூர்ப் பக்கம் படித்து வந்த பையனுக்குக் காற்புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும் குறி. 1,500 என்ற ஒரே எழுத்தை ஒருவர் ஒன்றரை என்று படிப்பார், இன்னொருவர் ஆயிரத்து ஐந்நூறு என்று படிப்பார். பிரெஞ்சுக் கையெழுத்தில் ஒன்றுக்கு முன்னால் நீண்ட கொக்கி இருக்கும், பழகாத கண்ணுக்கு அது ஏழு. அதனால்தான் அவர்கள் ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடுகிறார்கள். கோடு போட மறந்த ஏழு ஒரு கடையில் ஒரு நாள் வரும்படியைத் தின்றுவிடும்.

அளவுக்கும் இதே கதை. மீட்டரை வியட்நாமியர்கள் ‘துவொக் தாய்’ என்றார்கள், மேற்கத்தியக் கோல் என்று பொருள். வெறும் ‘துவொக்’ என்றால் பழைய நாட்டுக்கோலாகவும் இருக்கலாம். அது இடத்துக்கு இடம், தொழிலுக்குத் தொழில் மாறும், துணிக்கோல் வேறு, நிலக்கோல் வேறு. நம்மவர்கள் ஊரில் கஜத்தில் அளந்து பழகியவர்கள். ஒரு கஜம் 91 சென்டிமீட்டரும் கொஞ்சமும். பத்து மீட்டர் என்று விலை பேசிப் பத்துக் கஜம் அளந்தால் 86 சென்டிமீட்டர் குறையும், தைக்கும்போது கை நீளத்தில் தெரிந்துவிடும். அமெரிக்கர்கள் வந்தபோது கஜம் வேறொரு வாசலால் திரும்பவும் கடைக்குள் வந்தது. ஐந்து கஜம் கேட்ட சிப்பாய்க்கு ஐந்து மீட்டர் கொடுத்தால் கடைக்கு 43 சென்டிமீட்டர் நட்டம். மீட்டர் விலையைக் கஜத்துக்கு வாங்கினால் அவனுக்கு நட்டம், மறுநாள் அவன் கூட்டாளிகள் வர மாட்டார்கள். அதனால் அந்த அம்மா விலையைத் தனியாகச் சொல்லவே மாட்டாராம். எந்த மொழியில் சொன்னாலும் அளவையும் விலையையும் ஒரே மூச்சில் சேர்த்துத்தான் சொல்வாராம்.

இரண்டாவது, முறைப்பெயர். இங்கேதான் எனக்கு, ஒரு பெண்ணாகவும் தமிழ் படித்தவளாகவும், வரலாறு அதிகம் பேசியது.

வியட்நாமிய மொழியில் ‘நான்’, ‘நீ’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பேசிக்கொண்டிருக்க முடியாது. எதிரில் இருப்பவர் அக்காவா, அத்தையா, சித்தியா, பாட்டியா என்று முடிவு செய்தால்தான் வாக்கியமே தொடங்கும். அக்கா ‘சீ’, அத்தை ‘கோ’, சித்தி ‘யீ’, பாட்டியும் மதிப்புக்குரிய மூத்த பெண்மணியும் ‘பா’. தகப்பனின் தங்கையையும் தாயின் தங்கையையும் வேறு வேறு சொல்லால் அழைக்கும் பழக்கம் தமிழருக்கு அந்நியமில்லை. பிரெஞ்சுக்காரர்தான் இருவரையும் ஒரே சொல்லில் அடைப்பார். ஆக, நம்மவர்களுக்கு இது எளிதாக இருந்திருக்க வேண்டும். பாதி எளிதாகத்தான் இருந்தது.

மீதிப் பாதிதான் கடினம். தமிழில் நான் மீன்காரம்மாவை ‘அக்கா’ என்று கூப்பிட்டுவிட்டு என்னை ‘நான்’ என்றே சொல்லிக்கொள்ளலாம். என் தன்மைச் சொல் எவருக்கு முன்னாலும் மாறுவதில்லை. வியட்நாமிய மொழியில் எதிரே இருப்பவரை ‘சீ’ என்றால் நான் என்னை ‘ஏம்’ என்று சொல்ல வேண்டும், தம்பி அல்லது தங்கை என்று பொருள். அத்தையாக, பாட்டியாக அழைத்தால் என்னைத் தெற்கத்தி வழக்கில் ‘கோன்’, பிள்ளை, என்று சொல்ல வேண்டும். மற்றவரை உயர்த்தினால் மட்டும் போதாது, தன்னையும் கூடவே இறக்க வேண்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் ஆண். காலனியில் தான் ஆளப்படுபவன் அல்ல, ஆள்பவர் பக்கத்தவன் என்று சட்டப்படி சொல்லிக்கொள்ளக் கூடியவன். அவன் கூடை தூக்கி வந்த கீரைக்காரிக்கு முன்னால் தன்னைத் ‘தம்பி’ என்று சொல்லிக்கொள்ள வேண்டும். சொல்லாவிட்டால் துணி விற்காது. அடுத்த நிமிடம் பிரெஞ்சு அதிகாரியின் மனைவி கடைக்குள் வருவார். பிரெஞ்சில் மரியாதைக்கு ‘வூ’ உண்டு, நெருக்கத்துக்கும் இளக்காரத்துக்கும் ‘த்யு’ உண்டு. காலனியில் ஐரோப்பியர்கள் உள்நாட்டவரைத் ‘த்யு’ என்று அழைப்பது சாதாரணம். படித்த வியட்நாமியர்கள் அதைப் பெரிய அவமதிப்பாக எண்ணி எழுதியும் பேசியும் எதிர்த்தார்கள். கடைக்காரர் ‘வூ, மதாம்’ என்பார், பதிலுக்குத் ‘த்யு’ வந்து விழலாம். சந்தைப் பெண்ணிடம் தாழ்வது ஒரு வகைத் தாழ்வு, இது வேறு வகை. முதலாவது உறவுக்குள் நடப்பது: நீ அக்கா என்றால் நான் தம்பி, நாளை நான் மூத்தவன் என்றால் நீ தங்கை. இரண்டாவதில் திரும்பி வரும் வழி இல்லை.

நம்மவர்கள் எல்லோரும் நல்லபடி பேசினார்கள் என்று சொல்லிவிட முடியாது. சந்தையில் கடை வரி வசூலித்தவர்கள் பேசிய முறை வேறு. கையில் அரசாங்க உரிமை இருந்ததால் முறைப்பெயர் சொல்லி நயக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. வரி கொடுத்த பெண்களும் அதை மறக்கவில்லை. இந்தியர்களுக்கு அங்கே வழங்கிய பெயர் ‘சா வா’. ஜாவா என்ற சொல்லின் திரிபு அது. ஜாவாவிலிருந்து வந்தாலும் காரைக்காலிலிருந்து வந்தாலும் கறுப்பாக இருந்தால் சா வா. சோலோனில் இன்றும் சா வா பாலம் என்று ஒரு பாலம் இருக்கிறது. அந்தப் பெயருக்குள் துணி விற்றவனும் வட்டிக்கு விட்டவனும் வரி பிடுங்கியவனும் ஒன்றாகவே அடங்கினார்கள். வரிக்காரன் காலையில் சம்பாதித்த கசப்பைத் துணிக்கடைக்காரன் மாலையில் சுமக்க வேண்டியிருந்தது.

அந்தக் கசப்பைத் தணித்தவர்கள் பெரும்பாலும் கடைக்குள் இருந்த வியட்நாமியப் பெண்கள்தான். ‘அப்பா ஏம் சொல்ல மாட்டார். வாய் வராது. ஆம்பளை இல்ல? அதனால சந்தைக்காரங்க வந்தா அம்மா முன்னாடி வந்துடுவாங்க’ என்றார் எங்கள் தெரு அம்மா. ஓர் ஆணின் வாயில் வராத சொல்லைப் பெண் எடுத்துச் சொன்னதால் கடை நடந்தது. இதை மொழிபெயர்ப்பு என்று சொல்ல மாட்டேன். அவள் கணவனின் சொற்களைப் பெயர்க்கவில்லை, அவனுடைய இடத்தில் தன்னை வைத்துத் தாழ்ந்தாள்.

நம்பிக்கையை வளர்த்த இடங்களும் இருந்தன. காலையில் முதல் வியாபாரத்தை நாம் போணி என்கிறோம். வியட்நாமியர்கள் ‘மோ ஹாங்’ என்கிறார்கள், சரக்கைத் திறப்பது என்று பொருள். முதலில் வருபவர் வாங்காமல் போனால் அன்றைய நாள் படுத்துவிடும் என்ற நம்பிக்கை இரண்டு பக்கத்திலும் உண்டு. முதல் கிராக்கியிடம் அதிகம் பேரம் இழுக்காமல் கொடுத்துவிடுவதும் உண்டு. இதை அறிந்த வியட்நாமியப் பெண்கள் வேண்டுமென்றே கதவு திறக்கும் நேரத்தில் வருவார்களாம். இரண்டு மொழியிலும் இரண்டு சொல், பின்னால் ஒரே பயம். அந்த ஒரே பயத்தில் விலை சீக்கிரம் முடியும்.

மூன்றாவது, மொழி மாறும் இடம். வியாபாரி பல மொழி பேசுவது வாங்குபவருக்கு வசதி. அவர் முன்னாலேயே அவருக்குத் தெரியாத மொழிக்கு மாறுவது சந்தேகம். பேரத்தின் நடுவில் தகப்பனும் மகளும் தமிழில் இரண்டு வார்த்தை பேசினால், கேட்பவர் மனத்தில் ஓடுவது ஒன்றுதான்: இவர்கள் என்னை ஏமாற்றத் திட்டம் போடுகிறார்கள்.

உண்மையில் சில சமயம் திட்டம்தான் போட்டார்கள். வணிகர்களுக்கு மறைபேச்சு உண்டு. நன்னூல் இதைக் குழூஉக்குறி என்று தகுதி வழக்கில் சேர்க்கிறது. உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டு, தட்டார் பொன்னைப் பறி என்று சொல்வது. பெயரிலேயே தட்டானை வைத்திருக்கும் ஊரில் வாழ்ந்துகொண்டு இதை வகுப்பில் நடத்தும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். ஜவுளிக்கடைகளிலும் அடக்க விலையைச் சீட்டில் மறைகுறியாக எழுதும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. சைகோனில் தமிழ் என்ற மொழியே முழுதாக ஒரு குழூஉக்குறியாகிவிட்டது. ‘தொண்ணூறுக்குக் கீழே இறங்காதே’ என்று தமிழில் சொன்னால் யாருக்குப் புரியும் என்ற நினைப்பு.

புரிந்தது. சந்தைப் பெண்கள் தமிழ் எண்களைக் கற்றுக்கொண்டார்கள். விற்பவர் தங்கள் மொழியைக் கற்றால் தாங்கள் அவர் மொழியைக் கற்க மாட்டார்களா? ஒருநாள் தகப்பனார் தமிழில் சொன்ன கடைசி விலையை ஒரு பெண் சிரித்துக்கொண்டே தமிழிலேயே திருப்பிச் சொன்னாராம். அதற்குப் பிறகு தாய் ஒரு விதி வைத்தார். விலை முடியும்வரை கடையில் தமிழ் கூடாது. உள்ளே கேட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், ‘நீல நிறத்தில் இன்னொரு சுருள் இருக்கிறதா என்று அப்பாவிடம் கேட்கிறேன்’ என்று வாங்குபவரின் மொழியில் முதலில் சொல்லிவிட்டு, பிறகு தமிழில் அதை மட்டும் கேட்க வேண்டும். பதிலையும் உடனே அவர் மொழியில் சொல்ல வேண்டும். மூவர் மூன்று மொழியில் நிற்கும்போது எவரும் இருட்டில் நிற்கக் கூடாது. மறைபேச்சால் ஒரு மீட்டருக்கு ஐந்து டோங் கூடுதலாகக் கிடைக்கலாம். வாங்குபவர் திரும்பி வருவதால் கிடைப்பது அதைவிட அதிகம் என்று கணக்குப் பார்த்தவர் அந்தத் தாய்.

இந்தப் பெண்களின் பெயர் ஒரு கட்டத்தில் தாளில் ஏறத்தான் செய்தது. ஏறிய விதத்தைச் சொல்ல வேண்டும். 1954 ஜூலையில் ஜெனீவா உடன்பாடு வியட்நாமில் பிரெஞ்சு ஆட்சியை முடித்தது. அதே ஆண்டு நவம்பர் 1இல் புதுச்சேரி இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. சைகோனில் இருந்தவர்களுக்கு இரண்டு கரையிலும் ஒரே ஆண்டில் தரை நகர்ந்தது. 1956 செப்டம்பரில் தென் வியட்நாம் அரசு, வெளிநாட்டவர் செய்யக் கூடாத பதினொரு தொழில்களைப் பட்டியலிட்டு ஆணை போட்டது. சில்லறைத் துணி வியாபாரம் அதில் ஒன்று. முதல் குறி சீனர்கள்தான், என்றாலும் வெளிநாட்டவர் என்ற சொல் எல்லோரையும் தொட்டது. வியட்நாமியக் குடியுரிமை உள்ள மனைவியின் பெயருக்குக் கடையை மாற்றுவது அப்போது வெளிநாட்டு வணிகர்கள் கண்டுபிடித்த வழிகளில் ஒன்று. பல ஆண்டுகள் எண்ணையும் முறைப்பெயரையும் மொழியையும் சுமந்தபோது கிடைக்காத பெயர்ப்பலகை, சட்டத்துக்குத் திரை தேவைப்பட்டபோது கிடைத்தது. அந்தப் பலகை அவர்களுக்கு உரிமையாக எவ்வளவு வந்தது, ஒப்புக்காக எவ்வளவு வந்தது என்பது வீட்டுக்கு வீடு வேறுபட்டிருக்கும். நான் கேட்ட வீட்டில் கல்லாச் சாவி அப்பாவிடமே இருந்தது.

1975 ஏப்ரல் 30க்குப் பிறகு கடைகள் போயின. சிலர் பிரான்சுக்குப் போனார்கள், சிலர் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் வந்தார்கள். இங்கே வந்த வியட்நாமியப் பெண்களுக்கு எல்லாம் தலைகீழாகிவிட்டது. விற்பவராக நான்கு மொழி ஆண்டவர், பெரிய மார்க்கெட்டில் தக்காளி வாங்கத் தடுமாறும் கிராக்கி ஆனார். இப்போது அவர் காதில் ‘எழுபது’ம் ‘எழுநூறு’ம் மோதின. தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறு ஒளிந்திருப்பது ஏன் என்று எந்தத் தமிழ் இலக்கணம் படித்து அவர் புரிந்துகொள்வது? மீன் விற்ற அம்மாக்கள் விரலை மடித்து எண்ணிக் காட்டினார்கள், ரூபாய் நோட்டை எடுத்துக் காட்டினார்கள். அவரை ‘அக்கா’ என்று கூப்பிட்டதும் அவர் பழக்கத்தில் தன்னைத் ‘தங்கச்சி’ என்று சொல்லிக்கொண்டாராம். ‘தங்கச்சிக்கு ரெண்டு கிலோ குடு.’ மார்க்கெட் சிரித்தது. ஆனால் எடை குறையவில்லை.

இன்று புதுச்சேரியில் சைகோன் நினைவு என்றால் நெம் சாப்பிடுவது, சொல்தா பென்ஷன், பழைய பீரோவுக்குள் ஒரு பட்டுச் சட்டை. எனக்கு இவற்றோடு சண்டையில்லை. ஆனால் ஒரு வணிக வரலாற்றை எழுதும்போது சரக்கு, கப்பல், முதல் ஆகியவற்றைப் போலவே பேச்சையும் ஒரு முதலாகக் கணக்கில் எடுத்தாக வேண்டும். அப்படி எடுத்தால் அந்த முதலைப் போட்டவர்கள் யார் என்ற கேள்வி தானாக வரும். ஊரில் காத்திருந்த தமிழ் மனைவிகளின் பங்கு ஒரு பக்கம், கடையில் நின்ற வியட்நாமிய மனைவிகள், மகள்களின் பங்கு மறுபக்கம். இரண்டும் பேரேட்டில் இல்லை.

அவர்களில் பெரும்பாலோர் இப்போது இல்லை. இருக்கிற சிலருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. அவர்களிடம் போய் ‘சைகோன் எப்படி இருந்தது?’ என்று கேட்டால் அழகாக இருந்தது என்பார்கள், அதோடு முடிந்துவிடும். ‘நூற்றிருபதை எப்படிச் சொல்வீங்க? நூற்றிரண்டை எப்படிச் சொல்வீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். அளவுகோல், கத்தரிக்கோல், வாங்க வந்தவரின் முகம், அவரை அழைத்த முறை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சீக்கிரம் கேட்க வேண்டும்.